தவறு கம்பெனிக்கு, வழக்கு யாருக்கு?

இங்கிலாந்தின் சட்டக் கல்லூரிகளில் கம்பெனிச் சட்டத் தேர்வுக்கு வரும் பெரிய கேள்வி பெரும்பாலும் ஒரு கதையாக இருக்கும். கதை முடிந்ததும் ஒற்றை வரி: இன்னாருக்கு ஆலோசனை கூறுக. இயக்குநர்களின் கடமைகளையும், கம்பெனிக்காகப் பங்குதாரர் தொடுக்கும் ‘டெரிவேட்டிவ்’ வழக்கையும் சேர்த்துக் கேட்கும் கேள்வி இதில் அடிக்கடி வரும். அங்கே 70 மதிப்பெண் தாண்டினால் முதல் வகுப்பு. அந்த 70ஐத் தாண்டும் விடைத்தாள் எப்படி யோசிக்கிறது என்பதைக் காட்ட, அதே பாணியில் ஒரு கதையை நானே அமைத்துக்கொள்கிறேன். சொந்தக்காரர்களோடு சேர்ந்து கம்பெனி நடத்தும் எவருக்கும் இந்தக் கதை அந்நியமாக இருக்காது.

குளிர்பதனக் கிடங்கு நடத்தும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி. மொத்தம் 100 பங்குகள். நிர்வாக இயக்குநரான அண்ணனிடம் 40, அவர் மனைவியிடம் 15, இன்னொரு இயக்குநரான கணக்காளரிடம் 15, இயக்குநராக இல்லாத தங்கையிடம் 20, ஓய்வு பெற்ற பழைய மேலாளரிடம் 10. கிடங்கை ஒட்டிய காலிமனை விற்பனைக்கு வருகிறது. மனைக்காரர் அண்ணனிடம் சொல்கிறார். ஆறு மாதம் முன்புதான் கம்பெனிக்குக் கடன் தர வங்கி மறுத்திருந்தது. அண்ணன் யாரிடமும் மூச்சு விடாமல் 3 லட்சம் பவுண்டுக்கு மனையைத் தன் பெயரில் வாங்கிவிடுகிறார். இன்று அதன் மதிப்பு 4 லட்சத்து 80 ஆயிரம். வாங்குவதற்கு முன் மனையை அளந்து ஆராய்ந்த செலவு 18 ஆயிரம் பவுண்டு, கம்பெனிக் கணக்கிலிருந்து போயிருக்கிறது. அந்தக் காசோலையில் கணக்காளர் என்ன ஏது என்று பார்க்காமல் கையெழுத்திட்டார். ஆய்வு அறிக்கையின் முகப்பில் கம்பெனியின் பெயர் இருக்கிறது. விஷயம் தெரிந்த தங்கை கொதிக்கிறாள். அண்ணனோ, பொதுக்கூட்டத்தைக் கூட்டி எல்லாவற்றுக்கும் ஒப்புதல் வாங்கிவிடுவேன் என்கிறார். தங்கைக்கு ஆலோசனை கூறுக.

சராசரி மாணவர் பேனாவை எடுத்ததும் 2006ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 171 முதல் 177 வரையுள்ள ஏழு கடமைகளையும் வரிசையாக எழுத ஆரம்பிப்பார். இரண்டு பக்கம் நிரம்பிவிடும், தங்கை இன்னும் உள்ளே வந்திருக்க மாட்டாள். நல்ல விடைத்தாள் முதல் பத்தியிலேயே ஒரு கேள்வியைக் கேட்டுவிடும்: இங்கே அநீதி யாருக்கு நடந்தது?

பதில் கசப்பானது. அநீதி தங்கைக்கு நடக்கவில்லை, கம்பெனிக்கு நடந்தது. இயக்குநரின் கடமைகள் கம்பெனிக்கு உரியவை என்று 170ஆம் பிரிவு நேரடியாகவே சொல்கிறது. கம்பெனி சட்டத்தின் கண்ணில் தனி ஆள். அதன் சொத்து பறிபோனால் வழக்காட வேண்டியதும் அதுவே. இந்த விதிக்கு 1843இல் உருவம் கொடுத்தது ஃபாஸ் எதிர் ஹார்பாட்டில் வழக்கு. மான்செஸ்டரில் விக்டோரியா பார்க் என்ற குடியிருப்பை உருவாக்கக் கிளம்பிய கம்பெனியின் இயக்குநர்கள், தங்கள் சொந்த நிலத்தையே கூடுதல் விலைக்குக் கம்பெனியின் தலையில் கட்டினார்கள் என்று இரண்டு பங்குதாரர்கள் குற்றஞ்சாட்டினார்கள். வழக்காட வேண்டியது கம்பெனி, நீங்களல்ல என்று நீதிபதி விக்ரம் அவர்களைத் திருப்பி அனுப்பினார்.

மனை கம்பெனிக்கு வராமல் போனதால் தன் 20 பங்கின் மதிப்பு குறைந்துவிட்டது என்று தங்கை தனியாக இழப்பீடு கேட்கவும் முடியாது. கம்பெனியின் இழப்பு பங்கின் விலையில் தெரிகிறது, அவ்வளவுதான். கம்பெனிக்குப் பணம் திரும்பினால் பங்கின் மதிப்பும் திரும்பும். 1982இல் ப்ருடென்ஷியல் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வகுத்த இந்தத் தடையை, 2020இல் மாரெக்ஸ் வழக்கில் இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் பங்குதாரர்களுக்கு மட்டும் என்று குறுக்கி உறுதிசெய்தது. தங்கை பங்குதாரர், ஆகவே தடைக்குள்தான் இருக்கிறாள்.

இனி அண்ணனின் தவறு. இதற்கு 175ஆம் பிரிவு ஒன்றே அச்சாணி. தன் நலன் கம்பெனியின் நலனோடு மோதும் நிலையை, மோதக்கூடிய நிலையைக்கூட, இயக்குநர் தவிர்க்க வேண்டும். சொத்து, தகவல், வாய்ப்பு ஆகியவற்றைத் தனக்காகப் பயன்படுத்திக்கொள்வதைப் பிரிவு குறிப்பாகச் சுட்டுகிறது. அண்ணனின் வக்கீல் இரண்டு வாதங்களை வைப்பார். கம்பெனிக்குக் கடனே கிடைக்கவில்லை, வாங்கியிருக்கவே முடியாது என்பது ஒன்று. மனைக்காரர் பேசியது தனிப்பட்ட முறையில் என்பது மற்றொன்று.

முதல் வாதத்துக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. கம்பெனி அந்த வாய்ப்பைப் பயன்படுத்தியிருக்க முடியுமா என்பது பொருட்டல்ல என்கிறது 175(2). இதற்குப் பின்னால் நிற்பது 1942இல் பிரபுக்கள் சபை தீர்த்த ரீகல் ஹேஸ்டிங்ஸ் வழக்கு. திரையரங்குக் கம்பெனி ஒன்று வேறு இரண்டு திரையரங்குகளைக் குத்தகைக்கு எடுக்கத் துணைக் கம்பெனி தொடங்கியது. துணைக் கம்பெனியில் 5,000 பவுண்டு மூலதனம் வேண்டும் என்றார் குத்தகைக்கு விடுபவர். தாய்க் கம்பெனியால் போட முடிந்தது 2,000தான். மீதியில் ஒரு பகுதியை இயக்குநர்கள் தங்கள் பணத்தைப் போட்டு வாங்கினார்கள். விற்றபோது லாபம் வந்தது. அவர்கள் நல்லெண்ணத்தோடு நடந்தார்கள் என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனாலும் லாபம் முழுவதையும் திருப்பித் தரச் சொன்னது. கடுமையான விதிதான். ஆனால் கம்பெனியால் முடியாது என்று முடிவு கட்டும் அதிகாரத்தை, முடியாமல் போனால் லாபம் அடையும் ஆளிடமே கொடுப்பது அதைவிட ஆபத்து. இந்தக் கடுமை சரியென்றே நான் கருதுகிறேன்.

இரண்டாவது வாதத்துக்கு நம் கதைக்கு மிக நெருங்கிய முன்தீர்ப்பு 2003இல் வந்த புல்லர் எதிர் புல்லர். இரண்டு சகோதரர்களின் குடும்பங்கள் நடத்திய கம்பெனி, அதன் சொத்தை ஒட்டிய இடம், அதைத் தனக்காக வாங்கிக்கொண்ட ஒரு தரப்பு இயக்குநர்கள். இன்னும் ஒரு படி மேலே போய், புதிய சொத்துகள் வாங்க வேண்டாம் என்று அந்தக் குடும்பங்கள் முன்பே பேசி முடிவெடுத்திருந்தன. அப்படியிருந்தும் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை விடவில்லை. தகவல் எந்த வழியில் வந்தது என்பது முக்கியமில்லை. கம்பெனிக்கு அது தேவைப்பட்டிருக்கும் என்று நியாயமான ஒருவர் பார்த்தால் தோன்றுமா என்பதே கேள்வி. கிடங்கை ஒட்டிய மனை கிடங்குக் கம்பெனிக்குத் தேவைப்படும் என்பதை வாதிட்டு நிறுவவே வேண்டாம்.

இந்த இடத்தில் நல்ல விடைத்தாள் கதையின் ஒரு சின்ன விவரத்தைக் கையில் எடுக்கும். ஆய்வு அறிக்கையில் இருப்பது கம்பெனியின் பெயர். தனிப்பட்ட கொள்முதல் என்றால் அந்தப் பெயர் அங்கே எப்படி வந்தது, செலவு கம்பெனிக் கணக்கில் எப்படி வந்தது? கேள்வி தயாரிப்பவர் ஒரு விவரத்தையும் வீணாக எழுத மாட்டார். சட்டத்தை ஒப்பிப்பவருக்கும் சட்டத்தை விவரத்தின்மேல் வைத்து அழுத்துபவருக்கும் மதிப்பெண்ணில் இங்கேதான் இடைவெளி விழுகிறது.

ஆக, மனையை அண்ணன் கம்பெனிக்காகவே வைத்திருக்கிறார் என்று நீதிமன்றம் கருதலாம். அவர் போட்ட 3 லட்சத்தைத் திருப்பிக் கொடுத்து கம்பெனி மனையைப் பெறலாம். புல்லர் வழக்கிலும் வாங்கிய விலைக்கே இடத்தைக் கம்பெனிக்கு மாற்ற உத்தரவானது. 18 ஆயிரத்தையும் அண்ணன் கட்ட வேண்டியிருக்கும்.

கணக்காளரின் தவறு வேறு வகை. அவர் ஒரு பென்னியும் எடுக்கவில்லை, கவனிக்கவில்லை. 174ஆம் பிரிவு இரண்டு அளவுகோல் வைக்கிறது: அந்தப் பொறுப்பில் இருக்கும் எவரிடமும் எதிர்பார்க்கும் குறைந்தபட்சக் கவனம், அதற்கு மேல், இவரிடம் உண்மையாகவே இருக்கும் அறிவுக்கேற்ற கவனம். இவர் கணக்காளர் என்பதால் அளவுகோல் உயர்கிறது. 1994 டிஜான் வழக்கில் ஓர் இயக்குநர் காப்பீட்டு விண்ணப்பத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டார். உள்ளே பதில் தவறாக இருந்தது. தீ விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்தது. படிக்காதது கவனக்குறைவு என்றார் நீதிபதி ஹாஃப்மன். ஆனால் கம்பெனியின் 100 பங்கில் 99 அவருடையது, நேர்மையாகவே நடந்துகொண்டார் என்பதால் பொறுப்பில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்தார். நம் கணக்காளரிடம் இருப்பது 15 பங்கு; அந்தச் சலுகை அவருக்கு அவ்வளவு எளிதில் கிடைக்காது.

இதுவரை பாதி விடைதான். பெரும்பாலான விடைத்தாள்கள் இங்கே நேரம் தீர்ந்து, ‘தங்கை டெரிவேட்டிவ் வழக்குத் தொடரலாம்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. அந்த வரிக்குள்தான் பாதி மதிப்பெண் புதைந்து கிடக்கிறது.

கம்பெனிதான் வழக்காட வேண்டும் என்றால், கம்பெனியை நடத்துவது யார்? தவறு செய்த அதே இருவர்தான். அதற்காக வந்ததே இந்த வழக்கு. 2007 அக்டோபர் முதல் அமலில் உள்ள 260ஆம் பிரிவின்படி, இயக்குநரின் கடமை மீறலுக்காகவும் கவனக்குறைவுக்காகவும் கம்பெனியின் உரிமையைப் பங்குதாரர் கையிலெடுத்து நீதிமன்றம் போகலாம். பழைய பொதுச்சட்டத்தில் இயக்குநர் தானும் ஆதாயம் அடையாத வெறும் கவனக்குறைவுக்கு இந்த வழி திறக்காது. இப்போது கணக்காளர்மீதும் வழி உண்டு. ஆனால் வழக்கைத் தொடர நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். முதலில் காகிதங்களைப் பார்த்தே, மேலோட்டமாக வழக்கு இருக்கிறதா என்று நீதிபதி சோதிப்பார். தேறினால் கம்பெனியையும் கேட்டு விசாரிப்பார்.

விசாரணையில் 263ஆம் பிரிவு மூன்று நிலைகளில் கதவை அடைத்தே தீர வேண்டும் என்கிறது: கம்பெனியின் நலனை நாடும் இயக்குநர் எவரும் இந்த வழக்கைத் தொடரமாட்டார் என்றால், அந்தச் செயலுக்கு முன்பே அனுமதி இருந்தால், பின்னர் பங்குதாரர்கள் ஒப்புதல் கொடுத்துவிட்டால். முன் அனுமதி இங்கே இல்லை. அண்ணன் வாயே திறக்கவில்லை. மிஞ்சுவது பின்னொப்புதல். அண்ணன் பொதுக்கூட்டம் கூட்டுவேன் என்று மிரட்டியது இதற்காகத்தான்.

நல்ல மாணவர் இங்கே ஓரத்தில் கணக்குப் போடுவார். பங்கு எண்ணிக்கைப்படி வாக்கெடுத்தால் அண்ணன் 40, மனைவி 15, கணக்காளர் 15, ஆக 70 ஆதரவு. வென்றதுபோல் தெரிகிறது. ஆனால் ஒப்புதல் யாருடைய தவறுக்கோ, அவரும் அவரோடு தொடர்புடையவர்களும் போடும் ஆதரவு வாக்குகளைக் கழித்துவிட வேண்டும் என்கிறது 239ஆம் பிரிவு. மனைவி சட்டப்படி தொடர்புடையவர். 55 போகிறது. மிஞ்சுவது கணக்காளரின் 15. எதிரே தங்கையின் 20. தீர்மானம் தோற்கிறது. ஓய்வு பெற்ற மேலாளர் தன் 10ஐ அண்ணன் பக்கம் போட்டால் மட்டும் 25க்கு 20 என்று தீர்மானம் பிழைக்கும்.

அப்படிப் பிழைத்தாலும் தங்கையிடம் இன்னோர் அம்பு இருக்கிறது. சில தவறுகளை எந்தப் பெரும்பான்மையாலும் மன்னிக்க முடியாது என்ற பழைய விதியை 239ஆம் பிரிவு தொடாமல் விட்டிருக்கிறது. 1916இல் குக் எதிர் டீக்ஸ் வழக்கு. டொரோன்டோவில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் மூன்று இயக்குநர்கள், கம்பெனிக்கு வந்திருக்க வேண்டிய ரயில்பாதை ஒப்பந்தத்தைத் தங்கள் பெயருக்குத் திருப்பிக்கொண்டார்கள். பிறகு தங்கள் பெரும்பான்மை வாக்கால், அந்த ஒப்பந்தத்தில் கம்பெனிக்கு அக்கறை இல்லை என்று தீர்மானம் போட்டார்கள். கம்பெனியின் சொத்தைத் தங்களுக்கே தானமாக எழுதிக்கொள்வது செல்லாது என்றது பிரிவி கவுன்சில். ரீகல் வழக்கிலோ, இயக்குநர்கள் பொதுக்கூட்டத்தில் ஒப்புதல் வாங்கியிருந்தால் தப்பியிருக்கலாம் என்று தீர்ப்பிலேயே குறிப்பு இருக்கிறது. இந்த இரண்டும் மோதும் இடத்தைத் தொட்டுக் காட்டினாலே தேர்வாளர் நிமிர்ந்து உட்காருவார். நல்லெண்ணத்தில் தற்செயலாக வந்த லாபம் ஒரு பக்கம், கம்பெனிக்கு உரியதை மறைத்து எடுத்தது மறுபக்கம். மறைத்தார், கம்பெனிப் பணத்தில் ஆய்வு செய்தார் என்ற இரண்டும் அண்ணனை டீக்ஸ் பக்கம் தள்ளுகின்றன என்பது என் வாசிப்பு.

அதே கணக்கைக் கணக்காளருக்குப் போட்டுப் பாருங்கள், முடிவு தலைகீழ். அவருடைய கவனக்குறைவுக்கு ஒப்புதல் என்றால் கழியும் வாக்குகள் அவருடைய 15 மட்டுமே. அண்ணனும் மனைவியும் அவரோடு தொடர்புடையவர்களாகச் சட்டத்தில் வரமாட்டார்கள். 55 ஆதரவு, தங்கையும் மேலாளரும் சேர்ந்தாலும் 30. தீர்மானம் நிறைவேறுகிறது. நிறைவேறினால் அவர்மீதான வழக்குக்கு அனுமதி மறுக்கப்பட வேண்டும். 2008 ஃப்ரான்பார் வழக்கைக் காட்டி, தவறு செய்தவர்களே கட்டுப்பாட்டில் இருந்துகொண்டு வழக்கைத் தடுக்கிறார்கள் என்று வாதிட இடமுண்டு. கணக்காளர் எதையும் அபகரிக்கவில்லை என்பதால் அந்த வாதம் இங்கே மெலிந்தே நிற்கும்.

தடைகளைத் தாண்டிய பின் நீதிபதியின் விருப்புரிமை. தங்கை நல்லெண்ணத்தில் வந்திருக்கிறாளா, வழக்கில் சம்பந்தமில்லாத பங்குதாரர் என்ன நினைக்கிறார், அவளுக்கே வேறு வழி இருக்கிறதா என்பவையெல்லாம் இங்கே வரும். சம்பந்தமில்லாத பங்குதாரர் நம் கதையில் ஒருவரே: மேலாளர். அவர் தங்கைக்கு ஆதரவாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் அதன் எடை பெரிது. 2009 இயெசினி வழக்கில் நீதிபதி லூயிசன், வழக்கின் பலம், தொகை, செலவு, பிரதிவாதியிடமிருந்து வசூலாகுமா, தொழில் எவ்வளவு கலையும் என்றெல்லாம் ஓர் இயக்குநர் எடைபோடுவார் என்று விளக்கினார். 1 லட்சத்து 80 ஆயிரம் பவுண்டு உயர்வு, மனையோ கண்முன்னே இருக்கிறது: அண்ணன்மீது வழக்கு இந்தத் தராசில் தேறும். வெறும் 18 ஆயிரத்துக்காகக் கணக்காளர்மீது தனி வழக்குத் தேறாது. அந்தத் தொகையை அண்ணனிடமே கேட்கலாம்.

கடைசியாகத் தங்கையின் கைக்காசு. ஜெயித்தால் பணம் கம்பெனிக்குப் போகும், அவளுக்கு அல்ல. 1 லட்சத்து 80 ஆயிரத்தில் அவள் பங்கின் நிழல் 36 ஆயிரம். அதுவும் பங்கின் மதிப்பாகத்தான், கையில் பணமாக அல்ல. கம்பெனிக்காக வழக்காடுவதால் செலவைக் கம்பெனியே ஏற்க உத்தரவு கேட்கலாம் என்று 1975 வாலர்ஸ்டைனர் வழக்கு வழிவகுத்தது. ஆனால் நீதிமன்றங்கள் இதில் கை இறுக்கம்; 2010 ஸ்டெய்னர் எதிர் லீ வழக்கில் முதற்கட்டத்துக்கு 40 ஆயிரம் பவுண்டு என்று வரம்பு கட்டினார்கள்.

அவளுக்கு வேறு வழியும் உண்டு. 994ஆம் பிரிவின்படி, தன் நலனுக்கு அநியாயமான பாதகம் நேர்ந்தது என்று தன் பெயரிலேயே மனு போட்டு, என் பங்குகளை நியாய விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்கலாம். ஃப்ரான்பார் வழக்கில் அனுமதி மறுக்கப்பட்டதற்கு இந்த மாற்று வழி இருந்ததும் ஒரு காரணம். அதே 2010இல் கியானி எதிர் கூப்பர் வழக்கில் மாற்று வழி இருந்தும் அனுமதி கிடைத்தது. ஆகவே மாற்று வழி கதவை முழுக்க மூடுவதில்லை.

தமிழ் வாசகர்கள் நம் ஊர்ச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்பதால் ஒரு குறிப்பு. இந்தியாவில் 2013 கம்பெனிச் சட்டத்தின் 166ஆம் பிரிவு இயக்குநர் கடமைகளை எழுதி வைத்திருக்கிறது. டெரிவேட்டிவ் வழக்குக்கு இங்கிலாந்தைப்போல் தனி அனுமதி முறை அதில் இல்லை. சிறுபான்மைப் பங்குதாரர்கள் பெரும்பாலும் 241ஆம் பிரிவின்கீழ் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்கே போகிறார்கள். இலங்கையின் 2007 கம்பெனிச் சட்டம் நீதிமன்ற அனுமதியோடு இந்த வழக்கை அனுமதிக்கிறது.

தங்கைக்கு விடைத்தாள் கடைசியில் சொல்லும் ஆலோசனை இப்படி இருக்கும். கம்பெனியில் இருக்கவும் மனையை மீட்கவும் விரும்பினால் அண்ணன்மீது மட்டும் டெரிவேட்டிவ் வழக்குத் தொடரு, கணக்காளரை விட்டுவிடு. பணத்தோடு விலகிக்கொள்ள விரும்பினால் 994ஆம் பிரிவில் மனு போடு. எதைத் தேர்ந்தாலும், அண்ணன் பொதுக்கூட்டத்துக்கு அறிவிப்பு அனுப்பும் முன் மேலாளரைப் போய்ப் பார். அந்த 10 பங்கு யார் பக்கம் என்பது தெரியாமல் நீதிமன்றப் படி ஏறாதே.